முகட்டில் நின்ற மின்னழுத்தம்

கணினிச் சில்லுக்குள் ஒரே ஒரு பிட்டை, அதாவது ஒரு 0 அல்லது ஒரு 1-ஐ, பிடித்து வைத்திருக்கும் சிறிய சுற்றுக்கு ஃபிளிப் ஃபிளாப் என்று பெயர். சில்லு முழுவதற்கும் ஒரு கடிகாரத் துடிப்பு உண்டு. துடிப்பு ஒவ்வொன்றும் எழும் கணத்தில் ஃபிளிப் ஃபிளாப் தன் உள்ளீட்டைப் பார்த்து, அங்கே இருக்கும் மதிப்பைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்த துடிப்பு வரை அதையே வெளியே காட்டுகிறது. இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. துடிப்புக்குச் சற்று முன்பிருந்து சற்றுப் பின்பு வரை உள்ளீடு அசையாமல் இருக்க வேண்டும். சில்லுக்குள்ளேயே பிறந்து, அதே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு வரும் சமிக்ஞைகளைப் பொறுத்தவரை, இந்த நிபந்தனை நிறைவேறும்படி வடிவமைப்பாளர் பார்த்துக்கொள்ள முடியும். ஆனால் விசைப்பலகையில் விரல் அழுத்தும் நேரத்தையும், வேறொரு கடிகாரத்தில் ஓடும் இன்னொரு சில்லு அனுப்பும் தரவு வந்து சேரும் நேரத்தையும் யாராலும் இந்தக் கடிகாரத்தோடு பொருத்தி வைக்க முடியாது. அப்படிப்பட்ட சமிக்ஞை என்றாவது ஒருமுறை, துடிப்பு எழும் அதே கணத்தில் மாறித்தான் தீரும். அப்போது ஃபிளிப் ஃபிளாப் 0 என்றும் சொல்லாமல் 1 என்றும் சொல்லாமல் சிறிது நேரம் நடுவில் நின்றுவிடுகிறது. இதுவே சிற்றுறுதி நிலை. மின்னணுப் பொறியாளர்கள் பேச்சில் மெட்டாஸ்டேபிலிட்டி.

நடுவில் நிற்பதற்குக் காரணம் சுற்றின் அமைப்பிலேயே இருக்கிறது. ஃபிளிப் ஃபிளாப்பின் இதயம் இரண்டு இன்வெர்ட்டர்கள். மின்வெட்டுக்காக வீட்டில் வைக்கும் இன்வெர்ட்டர் அல்ல இது. 0 கொடுத்தால் 1, 1 கொடுத்தால் 0 என்று தலைகீழாக்கித் தரும் இரண்டு டிரான்சிஸ்டர் சுற்று. முதலாவதன் வெளியீடு இரண்டாவதற்கு உள்ளீடு. இரண்டாவதன் வெளியீடு முதலாவதற்கு உள்ளீடு. ஒன்று 1 என்றால் மற்றது 0, அந்த 0 முதலாவதை 1-லேயே நிறுத்தி வைக்கிறது. ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொள்வதால்தான் அது நினைவு. இப்படித் தாங்கிக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு: இடப்பக்கம் 1, வலப்பக்கம் 0, அல்லது நேர்மாறு. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு சமநிலையும் இருக்கிறது. இரு பக்கமும் ஏறக்குறைய வழங்கு மின்னழுத்தத்தின் பாதியில் நின்றால், எந்தப் பக்கமும் மற்றதை எங்கும் தள்ளாது.

ஓட்டு வீட்டின் கூரை முகட்டில் ஒரு கோலிக்குண்டை வைப்பதைப் போன்றது இது. இரு பக்கச் சரிவின் அடியிலும் அது நிலையாகக் கிடக்கும். முகட்டின் சரியான உச்சியிலும் அது நிற்கலாம், ஆனால் மயிரிழை விலகினாலும் உருளத் தொடங்கிவிடும். உள்ளீடு தவறான கணத்தில் மாறும்போது ஃபிளிப் ஃபிளாப் செய்வது குண்டை முகட்டின் அருகே விட்டுவிட்டுக் கையை எடுப்பதுதான். அது எந்தப் பக்கம் விழும் என்பது இங்கே முக்கியமில்லை. விழ எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் கேள்வி.

உச்சியிலிருந்து இருக்கும் விலகலை மின்னழுத்த வேறுபாடாக எண்ணிக்கொள்ளலாம். அந்த வேறுபாடு சிறியதாக இருக்கும்வரை, இன்வெர்ட்டர்கள் அதற்கு நேர் விகிதத்தில் மின்னோட்டத்தைத் தருகின்றன. அந்த மின்னோட்டம் கம்பிகளிலும் டிரான்சிஸ்டர்களிலும் உள்ள மின்தேக்குத்திறனை நிரப்பி, வேறுபாட்டை இன்னும் பெரிதாக்குகிறது. பெரிதான வேறுபாடு இன்னும் அதிக மின்னோட்டத்தைத் தருகிறது. வட்டி அசலோடு சேர்ந்து வட்டி ஈட்டும் கதைதான். எந்தக் கணத்திலும் வளரும் வேகம் அந்தக் கணத்தில் இருக்கும் அளவுக்கு விகிதமாக இருந்தால், வளர்ச்சி அடுக்குக்குறி வளர்ச்சியாகத்தான் இருக்கும். தொடக்க விலகல் V0 என்றால் t நேரத்துக்குப் பின் அது V0 · e^(t/τ) ஆகும். இங்கே τ, வாசிப்பில் டௌ, தான் தீர்வுக் கால மாறிலி. மின்தேக்குத்திறனை டிரான்சிஸ்டர்களின் மின்னோட்டம் தரும் திறனால் வகுத்தால் கிடைப்பது ஏறக்குறைய இதுவே. சுமை கூடினால் τ கூடும். டிரான்சிஸ்டர் வலுவாக இருந்தால் τ குறையும். 1970-களின் சில்லுகளில் இது நானோ நொடி அளவில் இருந்தது; இன்றைய நுண்ணிய சில்லுகளில் சில பத்து பிக்கோ நொடிகளுக்கு இறங்கிவிட்டது. ஒரு நானோ நொடி என்பது நொடியின் 100 கோடியில் ஒரு பங்கு. பிக்கோ நொடி அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு.

கணக்கு எளிதாக இருக்க, τ = 0.2 நானோ நொடி உள்ள ஒரு ஃபிளிப் ஃபிளாப்பை எடுத்துக்கொள்ளலாம். அடுக்குக்குறி வளர்ச்சியில் எந்த அளவும் இரட்டிப்பாக ஆகும் நேரம் 0.693 மடங்கு τ. இங்கே அது 0.14 நானோ நொடி. குண்டு உச்சியிலிருந்து ஒரு மைக்ரோவோல்ட் விலகி விடப்பட்டது என்று வைத்துக்கொண்டால், அந்த விலகல் அரை வோல்ட்டாக வளர, அதாவது வெளியே 0 அல்லது 1 என்று தெளிவாகத் தெரிய, 5 லட்சம் மடங்கு பெருக வேண்டும். அதற்குப் பத்தொன்பது முறை இரட்டிப்பானால் போதும், சுமார் 2.6 நானோ நொடி. இனி தொடக்க விலகல் ஒரு நானோவோல்ட் மட்டுமே என்று வைப்போம். ஆயிரம் மடங்கு உச்சிக்கு அருகே. அதற்காகத் தீர்வு நேரம் ஆயிரம் மடங்கு ஆவதில்லை. இன்னும் பத்து இரட்டிப்புகள், 1.4 நானோ நொடி மட்டும் கூடுகிறது. இயல் மடக்கையின் குணம் அது: மடங்குகளை அது கூட்டல்களாக மாற்றிவிடுகிறது.

காத்திருப்பின் பலன் இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. வெளிச் சமிக்ஞை கடிகாரத்தைப் பற்றி ஏதும் அறியாமல் வருவதால், அது வரும் கணம் எங்கு வேண்டுமானாலும் சம வாய்ப்போடு விழும். உச்சியைச் சுற்றிய மிகக் குறுகிய பகுதியில், வரும் கணத்துக்கும் தொடக்க விலகலுக்கும் உள்ள உறவு நேர்கோடு. ஆகவே தொடக்க விலகலும் அங்கே சம வாய்ப்போடு பரவியிருக்கும். ஒரு மைக்ரோவோல்ட்டுக்குள் விழும் வாய்ப்போடு ஒப்பிட்டால், ஒரு நானோவோல்ட்டுக்குள் விழும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. இப்போது t நேரம் கடந்த பிறகும் முடிவு சொல்லாமல் நிற்கும் ஃபிளிப் ஃபிளாப் எங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கேட்டால், விடை வந்துவிடுகிறது. உச்சிக்கு அத்தனை நெருக்கமாகத் தொடங்கியவை மட்டுமே இன்னும் மிச்சமிருக்க முடியும். அந்த நெருக்கத்தின் அகலம் ஒவ்வொரு 0.14 நானோ நொடிக்கும் பாதியாகச் சுருங்குகிறது. எனவே மிச்சமிருக்கும் நிகழ்தகவும் அதே வேகத்தில் பாதி பாதியாகக் குறைகிறது: e^(-t/τ).

கதிரியக்கத் தனிமங்களின் அரைவாழ்வுக் காலத்தைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தச் சூத்திரம் பழகியதாக இருக்கும். கணிதம் ஒன்றுதான், ஒரு விசித்திரமும் இரண்டுக்கும் பொது. மூன்று நானோ நொடி நின்று விட்டதால் ஒரு ஃபிளிப் ஃபிளாப் இனி சீக்கிரம் விழுந்துவிடும் என்று சொல்ல முடியாது. அடுத்த 0.14 நானோ நொடியில் அது விழும் வாய்ப்பு, தொடக்கத்தில் இருந்ததைப் போலவே சரி பாதிதான். எவ்வளவு காத்தாலும் நிகழ்தகவு பூச்சியத்தைத் தொடாது என்பதும் இதிலிருந்தே வருகிறது.

சுற்றில் எப்போதும் இருக்கும் வெப்ப இரைச்சல் குண்டைத் தட்டிவிட்டு உதவாதா என்ற எண்ணம் பலருக்கும் எழும். தட்டிவிடுவது உண்மைதான். ஆனால் உச்சியில் நிற்கும் ஒன்றைக் கீழே தள்ளும் அதே இரைச்சல், சற்றுத் தள்ளி உருளத் தொடங்கிய இன்னொன்றை உச்சிக்குத் திருப்பியும் விடும். சம வாய்ப்போடு பரவிய கூட்டத்தைக் குலுக்கினால் அது மீண்டும் சம வாய்ப்போடுதான் பரவும். சராசரிக் கணக்கு மாறுவதில்லை.

நிகழ்தகவை அன்றாடப் பயனுள்ள எண்ணாக மாற்ற, இரண்டு தோல்விகளுக்கு இடையிலான சராசரி காலத்தைப் பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

```
MTBF = e^(t/τ) / (Tw × fc × fd)
```

இதில் fc கடிகாரத்தின் அதிர்வெண். Fd வெளிச் சமிக்ஞை ஒரு நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பது. Tw ஒரு சிறிய காலச் சாளரம். சமிக்ஞை அதற்குள் மாறினால் ஆபத்து. மூன்றையும் பெருக்கினால் ஒரு நொடியில் எத்தனை முறை குண்டு முகட்டருகே விடப்படுகிறது என்பது கிடைக்கும். மேலே உள்ள e^(t/τ), காத்திருப்பு தரும் பாதுகாப்பு.

மேற்சொன்ன ஃபிளிப் ஃபிளாப்பை 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஓட்டி, நொடிக்குப் பத்து லட்சம் முறை மாறும் ஒரு வெளிச் சமிக்ஞையைக் கொடுப்போம். Tw 0.1 நானோ நொடி. பெருக்கினால் 10,000. அதாவது ஒவ்வொரு நொடியும் பத்தாயிரம் முறை இந்தச் சுற்று தடுமாற்றத்தில் நுழைகிறது. வெளியீட்டை 2 நானோ நொடி காத்துப் பயன்படுத்தினால் e^10, அதாவது சுமார் 22,000, பாதுகாப்பாகக் கிடைக்கிறது. தோல்வி ஏறக்குறைய 2 நொடிக்கு ஒருமுறை. அந்தக் கருவியை யாரும் வாங்க மாட்டார்கள். 4 நானோ நொடி காத்தால் பதின்மூன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை. சோதனைச் சாலையில் ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பவர் ஏதோ ஒரு வினோதத்தைப் பார்ப்பார், மறுபடி வரவழைக்கப் பார்த்தால் வராது. 6 நானோ நொடியில் 34 ஆண்டுகள். 8 நானோ நொடியில் ஏழரை லட்சம் ஆண்டுகள். ஒவ்வொரு 2 நானோ நொடிக்கும் அதே 22,000 மடங்கு. முதல் விடைக்கும் கடைசி விடைக்கும் இடையே கூடிய நேரம், ஒளி இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கடக்கும் நேரம்.

34 ஆண்டுகள் போதாதா என்று தோன்றலாம். ஒரு கருவியில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இப்படி ஒரு சுற்று இருந்தால் போதும். ஆனால் ஒரு சில்லில் இத்தகைய நுழைவாயில்கள் நூறு இருந்து, அந்தச் சில்லு பத்தாயிரம் கருவிகளில் விற்றுப் போயிருந்தால், மொத்தம் பத்து லட்சம் சுற்றுகள். 34 ஆண்டுகளை அதனால் வகுத்தால் 18 நிமிடம். எங்காவது ஒரு வாடிக்கையாளரின் கருவி ஒவ்வொரு 18 நிமிடத்துக்கும் தடுமாறும். ஏழரை லட்சம் ஆண்டுகள் என்ற, கேட்கவே வேடிக்கையான எண்கூட இந்தக் கூட்டத்தில் ஒன்பது மாதத்துக்கு ஒரு தோல்வியாகச் சுருங்கிவிடுகிறது.

காத்திருப்பதை நடைமுறையில் செய்யும் முறை மிக எளிது. வெளிச் சமிக்ஞையை நேராகச் சுற்றுக்குள் விடாமல், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஃபிளிப் ஃபிளாப்கள் வழியே விடுகிறார்கள். முதலாவது தடுமாறலாம். இரண்டாவது அதை அடுத்த துடிப்பில்தான் பார்க்கிறது. அதற்குள் ஒரு கடிகாரச் சுற்று முழுவதும், அதில் கம்பிப் பயணத்துக்கும் இரண்டாவதன் முன்தயாரிப்புக்கும் போகும் நேரம் நீங்கலாக, முதலாவதுக்கு முடிவெடுக்கக் கிடைக்கிறது. இதுதான் ஒத்திசைப்பான். 100 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுற்று 10 நானோ நொடி. இரண்டை அந்தச் செலவுகளுக்குக் கழித்தால் 8. மேலே வந்த ஏழரை லட்சம் ஆண்டுகள் இங்கிருந்துதான்.

அதே வடிவமைப்பை அப்படியே வைத்துக் கடிகாரத்தை மட்டும் இரண்டு மடங்காக்கி 200 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால் என்ன ஆகும்? சுற்று 5 நானோ நொடியாகக் குறைகிறது. செலவான இரண்டு குறையாது, மிச்சம் 3. தடுமாற்றங்களும் நொடிக்கு இருபதாயிரம் ஆகின்றன. கணக்கிட்டால் தோல்வி 163 நொடிக்கு ஒருமுறை: ஏழரை லட்சம் ஆண்டுகளிலிருந்து மூன்று நிமிடத்துக்குள். காத்திருப்பு தருவதை அடுக்குக்குறி தரும் அதே வேகத்தில்தான் பறிக்கவும் செய்யும். மூன்றாவதாக ஒரு ஃபிளிப் ஃபிளாப்பைச் சேர்த்தால் இன்னொரு 3 நானோ நொடி கிடைத்து, இடைவெளி சுமார் 17 ஆண்டுகளாக மீள்கிறது. விலை, சமிக்ஞை ஒரு துடிப்பு தாமதமாக வந்து சேருவது.

இரண்டு ஃபிளிப் ஃபிளாப்களுக்கு நடுவில் வேறு எந்தச் சுற்றையும் வைக்கக் கூடாது, இரண்டும் சில்லில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற விதிகளின் காரணமும் இதுவே. நடுவில் நுழையும் ஒரு சிறிய தர்க்கச் சுற்று 1 நானோ நொடியை எடுத்துக்கொண்டால், இந்த எடுத்துக்காட்டில் அது 150 மடங்கு பாதுகாப்பை விழுங்கிவிடும். வரைபடத்தில் பார்த்தால் ஒத்திசைப்பான் இருக்கும், வேலை செய்யாது.

தடுமாற்றம் ஏன் தீங்கு செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வெளியீடு கடைசியில் 0 ஆனாலும் 1 ஆனாலும் பெரும்பாலும் பாதகமில்லை. புதிய மதிப்பை இந்தத் துடிப்பில் பார்க்காவிட்டால் அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம். காத்திருப்பு சரியான விடையைத் தருவதாக வாக்களிப்பதும் இல்லை, ஒரு விடையைத் தருவதாக மட்டுமே. ஆபத்து, முடிவாகாத மின்னழுத்தம் இரண்டு இடங்களுக்குப் பிரிந்து போகும்போது வருகிறது. பாதியில் நிற்கும் அதை ஒரு இடம் 1 என்றும் மற்றொரு இடம் 0 என்றும் வாசிக்கும். சுற்றின் ஒரு பகுதி வேலை தொடங்கிவிட்டது என்று நம்பும்; இன்னொரு பகுதி இன்னும் தொடங்கவில்லை என்று நம்பும். கருவி உறைந்து நிற்கும். அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். 0, 1 தவிர வேறெதையும் அறியாத கணினி உருவகச் சோதனைகளில் இந்தப் பிழை தலைகாட்டுவதே இல்லை. ஒத்திசைக்கப்படாத ஒரே சமிக்ஞையை இரண்டு தனி ஒத்திசைப்பான்களில் கொடுப்பதும் இதே விபத்தைத் தரும். ஒவ்வொன்றும் தன்னளவில் தெளிவாக முடிவெடுக்கும், ஆனால் வெவ்வேறு முடிவை.

τ-வை எப்படி அளப்பது? ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு அலையியற்றிகளில் ஒன்றைக் கடிகாரமாகவும் மற்றதைத் தரவாகவும் ஃபிளிப் ஃபிளாப்புக்குக் கொடுக்கிறார்கள். துடிப்புக்குப் பின் குறிப்பிட்ட நேரம் கழித்தும் வெளியீடு தெளியாத நிகழ்வுகளை ஒரு எண்ணி எண்ணுகிறது. மேற்சொன்ன சுற்றில் 1 நானோ நொடி காத்தால் நொடிக்கு 67 நிகழ்வுகள் எண்ணப்படும், 1.5 நானோ நொடி காத்தால் ஐந்தரை. 2 காத்தால் இரண்டு நொடிக்கு ஒன்று. எண்ணிக்கையின் மடக்கையை நேரத்துக்கு எதிரே வரைந்தால் ஒரு நேர்கோடு கீழிறங்கும். 67-ஐ 5.5-ஆல் வகுத்து இயல் மடக்கை எடுத்தால் 2.5, அந்த அரை நானோ நொடியை 2.5-ஆல் வகுத்தால் 0.2. கோட்டின் சரிவு τ-வைச் சொல்லிவிட்டது. 34 ஆண்டுகள் உட்கார்ந்து யாரும் சோதிக்க முடியாது. சில நிமிடங்களில் வரைந்த கோட்டை நீட்டிப் பார்த்துத்தான் அந்த எண் சொல்லப்படுகிறது.

அந்த நீட்டிப்பில் ஒரு பொறி உண்டு. τ அடுக்கில் வகுக்கும் எண்ணாக நிற்பதால், அதில் சிறு பிழையும் பூதாகரமாகும். 8 நானோ நொடி காக்கும் நம் சுற்றில் τ 0.2-க்குப் பதில் 0.3 ஆனால், ஏழரை லட்சம் ஆண்டுகள் ஓர் ஆண்டும் இரண்டரை மாதமுமாக உதிர்ந்துவிடும். τ அப்படி மாறுவது அரிதும் அல்ல. முகட்டில் நிற்கும்போது இன்வெர்ட்டர்கள் வழங்கு மின்னழுத்தத்தின் பாதியில் இருக்கின்றன. மின் சிக்கனத்துக்காக வழங்கு மின்னழுத்தத்தைக் குறைத்தால், அந்தப் பாதி, டிரான்சிஸ்டர் கடத்தத் தொடங்கும் வாசல் மின்னழுத்தத்தின் அருகே வந்துவிடும். டிரான்சிஸ்டர் அரைத் தூக்கத்தில் இருக்கும், மின்னோட்டம் தரும் திறன் சரியும், τ உயரும். வாசல் மின்னழுத்தம் குளிரில் உயர்வதால், குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் சில்லுகளுக்கு மோசமான நேரம் வெயில் காலமல்ல, குளிர்காலம். மற்றச் சுற்றுகளும் ஓரளவு மந்தமாகும், ஆனால் ஒத்திசைப்பான் அவற்றைவிட அதிகமாக மந்தமாகும். அறை வெப்பநிலையில் மட்டும் அளந்த τ-வை நம்பக் கூடாது என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

இந்தத் தடுமாற்றத்தை அடியோடு ஒழிக்கும் சுற்று ஒன்றைக் கண்டுபிடித்ததாகச் சொன்னவர்கள் நிறைய. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் சேனி, சார்லஸ் மோல்னார் இருவரும் 1973-இல் அலைகாட்டியில் எடுத்த படங்களோடு கட்டுரை வெளியிட்டு, இது உண்மையான நிகழ்வு என்று காட்டும்வரை, பிரச்சினையே இல்லை என்றவர்களும் இருந்தார்கள். லியோனார்ட் மரினோ 1981-இல் இதற்கு ஒரு பொதுக் கோட்பாட்டைத் தந்தார். அதன் சாரம் எளியது. உள்ளீடு வரும் நேரத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தினால் வெளியீடும் தொடர்ச்சியாக மாறும். ஒரு கோடியில் 0, மறுகோடியில் 1 என்றால், நடுவே எங்காவது இரண்டும் அல்லாத ஒரு விடை இருந்தே தீரும். நடுநிலையைக் கண்டுபிடித்து ஒரு பக்கமாகத் தள்ளும் கூடுதல் சுற்றைச் சேர்த்தால், இது நடுநிலைதானா என்று தீர்மானிக்கும் அந்தச் சுற்று தன் சொந்த முகட்டில் ஏறி நிற்கும். இரு சம வைக்கோல் போர்களுக்கு நடுவே முடிவெடுக்க முடியாமல் பட்டினி கிடந்ததாகச் சொல்லப்படும் பூரிதானின் கழுதையை வைத்துக் கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் இதே வாதத்தைப் பொதுமைப்படுத்தினார்: தொடர்ச்சியான உள்ளீட்டிலிருந்து இரண்டில் ஒன்றைக் குறிப்பிட்ட காலத்துக்குள் நிச்சயமாகத் தேர்ந்தெடுக்கும் பொறி எதுவும் இருக்க முடியாது.

ஆகவே வடிவமைப்பாளர் கையில் இருப்பவை மூன்றுதான். வலுவான டிரான்சிஸ்டர்களும் குறைந்த சுமையும் கொண்ட ஃபிளிப் ஃபிளாப்பைத் தேர்ந்து τ-வைக் குறைக்கலாம். பல நிறுவனங்களின் உறுப்புத் தொகுப்புகளில் ஒத்திசைப்புக்கென்றே தனி ஃபிளிப் ஃபிளாப்கள் வைத்திருப்பார்கள். கடிகாரங்களின் எல்லையைத் தாண்டும் சமிக்ஞைகளின் எண்ணிக்கையையும் அவை மாறும் வேகத்தையும் குறைக்கலாம், ஆனால் இது அடுக்கில் அல்லாமல் கீழே நிற்பதால், பாதியாகக் குறைத்தால் பலன் இரண்டு மடங்கு மட்டுமே. மூன்றாவது, இன்னொரு ஃபிளிப் ஃபிளாப்பைச் சேர்த்து இன்னும் ஒரு துடிப்பு காத்திருப்பது.